கை நழுவிய இரண்டு சதவீதம்

மொத்த வியாபாரி அனுப்பும் பில்லின் அடிப்பகுதியில், வங்கிக் கணக்கு எண்ணுக்கும் கையெழுத்துக்கும் நடுவே, பொடி எழுத்தில் ஒரு நிபந்தனை அச்சாகியிருக்கும். 10 நாளுக்குள் பணம் தந்தால் 2 சதவீதம் கழித்துக்கொள்ளலாம்; இல்லையென்றால் 30 நாளுக்குள் முழுத்தொகையும் தர வேண்டும். கடைத்தெருவில் இதற்கு சி.டி. என்று பெயர், கேஷ் டிஸ்கவுண்ட் என்பதன் சுருக்கம். வணிகவியல் பாடப்புத்தகம் ரொக்கத் தள்ளுபடி என்கிறது. அமெரிக்காவின் கணக்கியல் நூல்கள் 2/10, n/30 என்று சூத்திரம் போலச் சுருக்கி எழுதும். நாளும் சதவீதமும் தொழிலுக்குத் தொழில் மாறினாலும் ஏற்பாடு ஒன்றுதான். நிறைய வாங்குகிறவருக்குப் பில்லிலேயே விலையைக் குறைத்துத் தருவது வணிகத் தள்ளுபடி. அது வேறு கதை. இங்கே அதற்கு இடமில்லை.

இந்த இரண்டு சதவீதத்தைப் பெரும்பாலான கடைக்காரர்கள் சீக்கிரம் பணம் கட்டியதற்குக் கிடைக்கும் சன்மானமாகவே பார்க்கிறார்கள். கிடைத்தால் மகிழ்ச்சி. கிடைக்காவிட்டால், இரண்டு சதவீதம்தானே, போகட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். உண்மையில் இங்கே பரிசு எதுவும் இல்லை. இருப்பது ஒரு வட்டி. அந்த வட்டி எவ்வளவு, அது ஏன் யார் கண்ணிலும் படுவதில்லை என்பதற்கான விடை, பில்லைக் கணக்கில் எந்தத் தொகைக்கு எழுதுகிறார்கள் என்பதில் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்பதற்காக ஒரு பெயின்ட் கடையைக் கற்பனை செய்துகொள்வோம். ஏப்ரல் 1-ஆம் தேதி கம்பெனியிலிருந்து ரூ.5,00,000-க்குச் சரக்கு வருகிறது. ஜி.எஸ்.டி.யை இப்போதைக்கு ஒதுக்கி வைப்போம். நிபந்தனை, மேலே சொன்ன 10 நாள், 2 சதவீதம், 30 நாள். ஏப்ரல் 11-க்குள் கட்டினால் ரூ.4,90,000 போதும். தவறவிட்டால் மே 1-ஆம் தேதிக்குள் ரூ.5,00,000 கட்ட வேண்டும்.

இதில் சரக்கின் விலை எது? பத்து நாளில் ரூ.4,90,000 வந்தால் கம்பெனி அந்தப் பெயின்ட்டை மனநிறைவோடு கொடுத்துவிடத் தயாராக இருக்கிறது. அப்படியானால் பெயின்ட்டின் விலை அதுதான். அதற்கு மேல் கேட்கும் ரூ.10,000 பெயின்ட்டுக்காக அல்ல, ஏப்ரல் 11-க்கும் மே 1-க்கும் நடுவிலுள்ள 20 நாளுக்காக. முதல் பத்து நாள் எப்படியும் இலவசம்தான். கடைக்காரர் ரூ.4,90,000-ஐ 20 நாள் கூடுதலாகக் கையில் வைத்திருக்கிறார், அதற்கு ரூ.10,000 தருகிறார்.

பத்தாயிரத்தை 4,90,000-ஆல் வகுத்தால் 2.04 சதவீதம். ஓர் ஆண்டில் 20 நாள் என்பது பதினெட்டேகால் முறை வரும். பெருக்கினால் ஆண்டுக்கு 37.2 சதவீதம். வட்டிக்கு வட்டி சேர்த்துப் பார்த்தால் 44.6 சதவீதம் ஆகிறது. நம் ஊர் வழக்கில் சொன்னால், நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டி, அதற்கும் சற்று மேலே. வங்கி ஓ.டி. ஆண்டுக்கு 12 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் அது ஒரு ரூபாய் வட்டி. அதே ரூ.4,90,000-ஐ ஓ.டி.யிலிருந்து 20 நாளுக்கு எடுத்துக் கட்டியிருந்தால் வட்டி ரூ.3,222 ஆகியிருக்கும். கம்பெனிக்குக் கொடுத்தது ரூ.10,000. ஒரே பில்லில் ரூ.6,778 வீண்.

மூன்று ரூபாய் வட்டிக்குக் கடன் தருகிறேன் என்று யாராவது கடை வாசலில் வந்து நின்றால், இதே கடைக்காரர் அவரைத் திருப்பி அனுப்பிவிடுவார். பில்லின் வழியாக வரும்போது மட்டும் வாங்கிக்கொள்கிறார். காரணம், கணக்குப் புத்தகத்தில் அந்த வட்டிக்கு இடமே ஒதுக்கப்படவில்லை.

இடம் ஒதுக்காத அந்த முறைக்கு மொத்தத் தொகை முறை என்று பெயர். பள்ளியில் கற்றுத் தருவது இதுதான். டாலியில் பில் போடுகிற கடைகளில் பெரும்பாலும் நடப்பதும் இதுதான். சரக்கு வந்ததும் கொள்முதல் கணக்கில் ரூ.5,00,000 பற்று, கம்பெனிக்கு ரூ.5,00,000 வரவு. பத்து நாளுக்குள் பணம் கட்டினால் கம்பெனிக் கணக்கில் ரூ.5,00,000 பற்று, வங்கியில் ரூ.4,90,000 வரவு, மீதி ரூ.10,000 'பெற்ற தள்ளுபடி' என்ற கணக்கில் வரவு. பழைய ரொக்க ஏட்டில் தள்ளுபடிக்கென்றே ஒரு தனிப் பத்தி இருந்தது நினைவிருக்கலாம். அந்தப் பத்தியின் கூட்டுத்தொகை ஆண்டு முடிவில் வருமானத்தோடு சேரும்.

தவறவிட்டால் என்ன எழுதுகிறார்கள்? கம்பெனிக் கணக்கில் ரூ.5,00,000 பற்று, வங்கியில் ரூ.5,00,000 வரவு. அவ்வளவுதான். கணக்கு துல்லியமாகச் சமன் ஆகிவிடுகிறது. பத்தாயிரம் ரூபாய் வட்டி போன தடயம் எங்கும் இல்லை. அது பெயின்ட் டப்பாவின் அடக்க விலைக்குள் போய்ப் பதுங்கிக்கொண்டது. தணிக்கையாளர் வந்து பார்த்தாலும் பில் 5,00,000, கட்டியது 5,00,000. குறை சொல்ல ஏதுமில்லை.

இந்த முறையின் குணமே, கிடைத்ததைக் காட்டிக் கிடைக்காததை மறைப்பது. மாதம் ஒரு பில்லாக ஆண்டுக்குப் பன்னிரண்டு பில். ஏழு மாதம் தள்ளுபடி கிடைத்து, ஐந்து மாதம் தவறியது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு முடிவில் முதலாளியின் பார்வைக்கு வருவது 'பெற்ற தள்ளுபடி ரூ.70,000' என்ற வரி. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். சென்ற ஆண்டு 60,000 இருந்திருந்தால் முன்னேற்றம் என்றுகூடச் சொல்லத் தோன்றும். ஐந்து மாதத்தில் ரூ.50,000 வெளியே போனதைச் சொல்ல அந்த ஏட்டில் ஒரு வரியும் கிடையாது.

நிகரத் தொகை முறை இதைத் தலைகீழாகச் செய்கிறது. சரக்கு வந்த அன்றே, அதன் உண்மையான விலை ரூ.4,90,000 என்று எடுத்துக்கொண்டு, கொள்முதலில் 4,90,000 பற்று, கம்பெனிக்கு 4,90,000 வரவு. பத்து நாளுக்குள் கட்டினால் 4,90,000 போய்க் கணக்கு முடிந்தது. தள்ளுபடி என்ற பேச்சே எழாது. எதிர்பார்த்தது நடந்திருக்கிறது, அதில் எழுத என்ன இருக்கிறது? தவறவிட்டால்தான் ஒரு புதுக் கணக்கு முளைக்கிறது. கம்பெனிக்கு 4,90,000 பற்று, 'இழந்த தள்ளுபடி' 10,000 பற்று, வங்கியில் 5,00,000 வரவு. இந்த இழந்த தள்ளுபடி, லாப நட்டக் கணக்கில் வங்கி வட்டிக்குப் பக்கத்தில், நிதிச் செலவாக உட்கார்கிறது. எந்த இடத்தில் இருக்க வேண்டுமோ அந்த இடத்தில்.

அதே பன்னிரண்டு பில்லை இரண்டு முறையிலும் ஓட்டிப் பார்ப்போம். ஆண்டு விற்பனை ரூ.66,00,000, வாங்கிய சரக்கு முழுவதும் விற்றுவிட்டது, வேறு செலவுகளை விட்டுவிடலாம். மொத்தத் தொகை முறையில் கொள்முதல் ரூ.60,00,000. ஆகவே மொத்த லாபம் ரூ.6,00,000. கீழே பெற்ற தள்ளுபடி ரூ.70,000 சேர்த்து, கடைசியில் ரூ.6,70,000. நிகர முறையில் கொள்முதல் ரூ.58,80,000. மொத்த லாபம் ரூ.7,20,000. கீழே இழந்த தள்ளுபடி ரூ.50,000 கழித்து, கடைசியில் அதே ரூ.6,70,000.

முடிவுத் தொகை மாறவில்லை. பிறகு எதற்கு இத்தனை பாடு என்று கேட்கலாம். மாறியது, அந்தத் தொகை சொல்லும் செய்தி. முதல் ஏட்டைப் பார்க்கிறவருக்கு, வியாபாரத்தில் ஆறு லட்சம்தான் நிற்கிறது, தள்ளுபடியால் ஏதோ கொஞ்சம் ஈடுகட்டுகிறோம் என்று தோன்றும். விற்பனை விலையை ஏற்றலாமா, வேறு கம்பெனிக்குப் போகலாமா என்று யோசிப்பார். இரண்டாவது ஏடு சொல்வது வேறு. வாங்குவதும் விற்பதும் நன்றாகத்தான் நடக்கிறது, ஏழு லட்சத்து இருபதாயிரம் நிற்கிறது. ஓட்டை பணம் கட்டும் மேசையில் இருக்கிறது. நோய் ஒன்றாக இருக்க மருந்து வேறிடத்தில் தடவாமல் இருக்க இந்த வேறுபாடு உதவும்.

சரக்கு முழுவதும் விற்காமல் இருந்தால் இன்னொரு கோளாறும் சேரும். மார்ச் மாதப் பில்லில் தள்ளுபடி தவறிப்போய், அந்தச் சரக்கு அப்படியே கிடங்கில் இருக்கிறது என்று கொள்வோம். மொத்தத் தொகை முறையில் அதன் இருப்பு மதிப்பு 5,00,000. அதாவது போன வட்டியையும் பெயின்ட்டாகவே எண்ணி மார்ச் 31 ஐந்தொகையில் சொத்தாக வைத்திருக்கிறோம். சரக்கு விற்கும்போதுதான், அடுத்த ஆண்டில், அது செலவாகக் கரையும். கணக்கியல் தரங்களும் இந்தப் பக்கமே சாய்கின்றன. பெரிய நிறுவனங்களுக்கான சரக்கிருப்புத் தரமான இந்திய ஏ.எஸ். 2, தவணை தாழ்த்திப் பணம் கட்டும் ஏற்பாட்டுக்குள் கடன் அம்சம் ஒளிந்திருந்தால், வழக்கமான கெடுவுக்கான விலைக்கும் கட்டிய தொகைக்கும் உள்ள வித்தியாசத்தை வட்டியாகக் காட்டச் சொல்கிறது. முப்பது நாள் என்பதே வழக்கமான கெடுதானே, அதில் ஏது கடன் என்று வாதிட இடம் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த விதி இந்தச் சின்னக் கடையைக் கட்டாயப்படுத்தவில்லை. அதன் பின்னுள்ள எண்ணம் மட்டும் இங்கேயும் பொருந்தும்.

இவ்வளவு தெளிவான முறை ஏன் கடைத்தெருவில் புழங்கவில்லை? நடைமுறைச் சிக்கல்தான். கம்பெனி அனுப்பும் ஸ்டேட்மென்ட்டில் பாக்கி ரூ.5,00,000 என்று இருக்கும். நம் ஏட்டில் 4,90,000. மாதக் கடைசியில் இரண்டையும் ஒப்பிடும் கணக்கர், ஒவ்வொரு பில்லுக்கும் இந்தப் பத்தாயிரத்தைத் தேடிக்கொண்டிருப்பார். ஜி.எஸ்.டி. தளத்தில் வரும் உள்ளீட்டு வரி அறிக்கையிலும் பில்லின் முழு மதிப்புதான் இருக்கும். பத்து கம்பெனி, நூறு பில் என்றால் தலைவலி தாங்காது.

இதற்கும் ஒரு நடுவழி இருக்கிறது. கம்பெனிக் கணக்கை முழுத்தொகைக்கே எழுதுவது. விலையை மட்டும் நிகரமாக வைப்பது. நடுவில் 'எதிர்பார்க்கும் தள்ளுபடி' என்று ஒரு தற்காலிகக் கணக்கைத் திறந்துகொள்ள வேண்டும். ஏப்ரல் 1 அன்று கொள்முதல் 4,90,000 பற்று, எதிர்பார்க்கும் தள்ளுபடி 10,000 பற்று, கம்பெனிக்கு 5,00,000 வரவு. கம்பெனி ஸ்டேட்மென்ட்டோடு கணக்கு ஒத்துப்போகும். பத்து நாளுக்குள் கட்டினால் கம்பெனிக்கு 5,00,000 பற்று. வங்கி 4,90,000, எதிர்பார்க்கும் தள்ளுபடி 10,000 என இரண்டு வரவு. தற்காலிகக் கணக்கு பூஜ்யமாகிவிடும். கெடு தாண்டினால் ஒரே ஒரு ஜர்னல் பதிவு போதும்: இழந்த தள்ளுபடி 10,000 பற்று, எதிர்பார்க்கும் தள்ளுபடி 10,000 வரவு. டாலியில் இரண்டு லெட்ஜர் கூடுதலாகத் திறந்தால் வேலை முடிந்தது. இழந்த தள்ளுபடியை மற்ற மறைமுகச் செலவுகளோடு கலக்காமல், வங்கி வட்டி இருக்கும் தொகுப்பின் கீழ் வைப்பது முக்கியம். அச்சுக்கூலி, டீச்செலவு, லாரி வாடகைக்கு நடுவே போட்டால் மறுபடியும் காணாமல் போய்விடும்.

அந்த ஜர்னல் பதிவைப் பணம் கட்டும் நாள்வரை ஒத்திப்போடக் கூடாது. பதினோராம் நாளே எழுதிவிட வேண்டும். ஆண்டு முடிவில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். மார்ச் 15-ஆம் தேதி பில், மார்ச் 31 வரை கட்டவில்லை என்றால், தள்ளுபடி மார்ச் 25-ஆம் தேதியே செத்துவிட்டது. அதை எழுதாமல் விட்டால், இனி வராத தொகை ஒன்று எதிர்பார்க்கும் தள்ளுபடி என்ற பெயரில் ஐந்தொகையில் உயிரோடு நிற்கும். நிகர முறையைத் தொடங்கிய இடங்களில் அது கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஏடு சரியாக இருக்கிறதா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. எந்த நாளிலும் எதிர்பார்க்கும் தள்ளுபடிக் கணக்கின் பாக்கி, கடைசிப் பத்து நாள் பில்களில் இன்னும் பணம் கட்டாதவற்றின் தள்ளுபடித் தொகைக்குச் சமமாக இருக்க வேண்டும். கூடுதலாக இருந்தால் ஏதோ ஒரு செத்த தள்ளுபடி உள்ளே கிடக்கிறது.

இழந்த தள்ளுபடிக் கணக்கின் ஒவ்வொரு பதிவிலும், விவரம் எழுதும் இடத்தில், ஏன் தவறியது என்று நான்கு சொல் எழுதி வைத்தால் அந்தக் கணக்கே பேசத் தொடங்கும். காரணங்கள் பெரும்பாலும் சில்லறையானவை. பில் தேதியிலிருந்து பத்து நாள் எண்ணப்படுகிறது; சரக்கு லாரியில் வந்து இறங்கவே நான்கு நாள் ஆகிறது. இறக்கிய பின் கிடங்கில் எண்ணிச் சரிபார்த்துப் பில்லைக் கணக்கரிடம் கொடுக்க இன்னும் மூன்று நாள். இரண்டு டப்பா குறைகிறது என்று கம்பெனிக்கு எழுதிவிட்டு, பதில் வரும்வரை மொத்தப் பில்லையும் நிறுத்தி வைத்திருப்பார்கள். காசோலையில் கையெழுத்துப் போடவேண்டியவர் கல்யாண வீட்டில் இருப்பார். இவற்றில் ஒன்றுகூடப் பணத்தட்டுப்பாடு இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வங்கியில் பணம் இருக்கும்போதே தள்ளுபடி போகிறது.

இந்த வகைத் தாமதம்தான் எல்லாவற்றிலும் விலை கூடியது. பத்தாம் நாளைத் தவறவிட்டு, பன்னிரண்டாம் நாள் அவசரமாக ரூ.5,00,000 கட்டுகிற கடையை எண்ணிப் பாருங்கள். இரண்டு நாள் கூடுதல் அவகாசத்துக்குப் பத்தாயிரம். ஆண்டுக் கணக்கில் 372 சதவீதம். கெடு போய்விட்டது என்றால், முப்பதாம் நாள்வரை பணத்தைக் கையில் வைத்திருப்பதே கணக்குப்படி சரி. அதேபோல் தள்ளுபடியை எடுக்கப் போகிறோம் என்றால் மூன்றாம் நாள் கட்டுவதிலும் லாபம் இல்லை; பத்தாம் நாள் கட்டினாலும் அதே 4,90,000தான். விடுமுறை நாள் குறுக்கே வரும் என்பதால் ஒன்பதாம் நாளை வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

முப்பது நாளையும் தாண்டி இழுக்கிறவர்கள் உண்டு. அறுபதாம் நாள் கட்டி, கம்பெனியும் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டால், அதே பத்தாயிரம் 50 நாளுக்கான விலையாகிறது, ஆண்டுக்கு 14.9 சதவீதம், ஒன்றேகால் ரூபாய் வட்டி. ஓ.டி.க்குக் கிட்டே வந்துவிட்டது. பழகிய வியாபாரிகள் இதை மனக்கணக்காகவே வைத்திருக்கிறார்கள். இழந்த தள்ளுபடிக்கு எப்போதும் 37 சதவீதம் என்று ஒரே முத்திரை குத்துவது சரியல்ல என்பதற்கு இது சாட்சி. ஆனால் இழுக்கவும் எல்லை இருக்கிறது. சரக்கு அனுப்பியவர் பதிவு பெற்ற குறு அல்லது சிறு உற்பத்தியாளர் என்றால், 2006-ஆம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள், ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாள். தாண்டினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கில், மாதாமாதம் வட்டிக்கு வட்டி. 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல் வருமான வரியிலும் பிடி விழுந்தது: அந்தக் கெடுவைத் தாண்டி நிலுவையில் உள்ள தொகையை, உண்மையில் கட்டிய ஆண்டில்தான் செலவாகக் கழித்துக்கொள்ள முடியும்.

ஒதுக்கி வைத்த ஜி.எஸ்.டி.யைச் சேர்த்தால் 37 சதவீதம் சற்று இறங்கும். 18 சதவீத வரி ரூ.90,000 சேர்ந்து பில் ரூ.5,90,000 ஆகிறது. தள்ளுபடி அடிப்படை விலைக்கு மட்டும் என்றால் அதே ரூ.10,000தான். தள்ளுபடியை விட்டவர் 20 நாள் வைத்திருப்பது ரூ.5,80,000. வரித்தொகைக்கும் சேர்த்து அவகாசம் கிடைப்பதால், விகிதம் 31.5 சதவீதமாகிறது, இரண்டரை ரூபாய் வட்டிக்குச் சற்று மேல். அப்போதும் ஓ.டி.யின் இரண்டரை மடங்கு. தள்ளுபடிக்குக் கம்பெனி தரும் கிரெடிட் நோட்டில் வரி சேர்ந்திருக்கிறதா, வரியில்லாத வணிகக் கிரெடிட் நோட்டா என்பதைப் பார்த்தே எழுத வேண்டும். வரியோடு வந்தால், அதற்குரிய உள்ளீட்டு வரியைத் திருப்ப வேண்டியிருக்கும்.

சரி, பணமே இல்லாமல் தவறவிடுகிறவர்கள்? அங்கே இழந்த தள்ளுபடி வேறொன்றைச் சொல்கிறது. பின்னாளில் ரிசர்வ் வங்கியின் கவர்னரான ரகுராம் ராஜனும் மிட்செல் பீட்டர்சனும் 1994-இல் வெளியிட்ட ஆய்வில் இதைச் சாமர்த்தியமாகப் பயன்படுத்தினார்கள். அமெரிக்காவின் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட சிறு தொழில்களைப் பற்றிய ஒரு கணக்கெடுப்பு அவர்கள் கையில் இருந்தது. எந்தத் தொழிலுக்கு வங்கிக் கடன் தாராளமாகக் கிடைக்கிறது, எதற்குக் கிடைப்பதில்லை என்று அறிவது எப்படி? கடன் வாங்கவில்லை என்றால், தேவைப்படவில்லையா, கொடுக்கவில்லையா என்று தெரியாதே. அவர்கள் பார்த்தது, அந்தத் தொழில் ரொக்கத் தள்ளுபடிகளில் எத்தனை சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது என்பதை. வங்கியில் கடன் கிடைக்கிற எவரும் இவ்வளவு அதிக வட்டியைப் பில்லின் வழியாகக் கட்டமாட்டார். கட்டுகிறார் என்றால் வங்கிக் கதவு அவருக்குத் திறக்கவில்லை. வங்கியோடு நீண்ட கால உறவு வைத்திருந்த தொழில்கள் தள்ளுபடிகளை அதிகம் எடுத்துக்கொண்டன என்று அவர்கள் கண்டார்கள்.

சரக்கு அனுப்பும் கம்பெனிக்கும் இது தெரியும். நேற்றுவரை பத்தாம் நாள் கட்டிக்கொண்டிருந்த கடை திடீரென்று முப்பதுக்குப் போனால், கைமுடை வந்துவிட்டது என்று அது புரிந்துகொள்ளும். அடுத்த லோடு அனுப்பும் முன் பழைய பாக்கியை விசாரிக்கும். வாங்குகிறவரின் நிலையை விற்கிறவர் அறிந்துகொள்ளும் வழியாகவே இந்த நிபந்தனை இயங்குகிறது என்று பொருளியலாளர்கள் விளக்குவதும் உண்டு. கடையின் நிலைமை கடைக்காரரின் ஏட்டில் தெரிவதற்கு முன் கம்பெனியின் ஏட்டில் தெரிந்துவிடுகிறது என்பது இதில் ஒரு வேடிக்கை.

எல்லாக் கடைக்கும் நிகர முறை வேண்டும் என்று சொல்வதற்கில்லை. சி.டி. நிபந்தனை எப்போதோ ஒரு பில்லில் வருகிறது என்றால், பழைய முறையே போதும். ஒரு நோட்டில் தவறியதைக் குறித்துக்கொண்டாலே சரி. கெடு தாண்டிப் பதினைந்தாம் நாள் கட்டினாலும் இரண்டு சதவீதத்தைக் கழிக்க விடுகிற கம்பெனியிடம் வாங்கினாலும், இழப்பு ஏதும் இல்லை. கொள்முதலில் பெரும்பகுதி சி.டி. நிபந்தனையோடு வருகிற பெயின்ட், மருந்து, ஹார்டுவேர் கடைகளுக்கு நடுவழி முறை நிச்சயம் பயன்தரும்.

பணம் இருந்தும் தவறுகிற கடை, பில் நகரும் பாதையைச் சுருக்க வேண்டும். சரக்கு வரும் முன்னரே பில்லின் நகலை வாட்ஸ்அப்பில் வாங்கிப் பதிவு செய்து, கெடு தேதியைக் குறித்துவிடலாம். குறைந்த இரண்டு டப்பாவுக்கு டெபிட் நோட் போட்டுவிட்டு மீதியைக் கட்டலாம். பணம் இல்லாமல் தவறுகிற கடை, இழந்த தள்ளுபடிக் கணக்கின் ஓராண்டு அச்சுப்படியை எடுத்துக்கொண்டு வங்கி மேலாளரைப் பார்த்து ஓ.டி. வரம்பை உயர்த்தக் கேட்கலாம். நம் உதாரணக் கடை ஐந்து மாதத்தில் இழந்தது ரூ.50,000. அந்த ஐந்து முறையும் ரூ.4,90,000-ஐ 20 நாளுக்கு 12 சதவீதத்தில் வங்கி கொடுத்திருந்தால் வட்டி ரூ.16,110. மிச்சம் ரூ.33,890.